சக்கை, ரப்பர், பஞ்சு: டப்பாவில் இருந்த மூன்றும்

உணவியல் ஆலோசகராக நான் புரத அளவு எழுதிக்கொடுத்தவர்களில் பலர் மூன்றாவது வாரத்தில் சோர்ந்துபோய் வந்து நிற்பார்கள். சில மாதங்களுக்கு முன் வந்த ஓர் இளைஞர் பேச்சை வளர்க்காமல் தன் மதிய உணவு டப்பாவைத் திறந்து என் மேசைமேல் வைத்தார். "மேடம், நீங்க எழுதிக்கொடுத்த அளவுதான். ஆனா ரெண்டு வாய்க்கு மேல இறங்கமாட்டேங்குது."

கோழி நெஞ்சுக்கறித் துண்டு ஒன்றை விரலால் பிய்த்துப் பார்த்தேன். நூல் நூலாகப் பிரிந்தது, விரலில் ஈரமே ஒட்டவில்லை. பக்கத்தில் வெறும் வெள்ளைக்கருவில் போட்ட ஆம்லெட் சுருங்கி, ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தது. இன்னொரு மூலையில் மீல் மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டைகள். ஒன்றை அழுத்தினேன். மசாலா மேலேயே நிற்க, உள்ளேயிருந்து உப்பில்லாத, பச்சை வாடையடிக்கும் தண்ணீர் வந்தது.

இந்த மூன்றிலும் கொழுப்பு மிகக் குறைவு. நாக்குக்கு இதமாக இருக்கவேண்டிய வேலை முழுவதும் தண்ணீர் தலையில் விழுகிறது. பச்சைக் கோழி நெஞ்சில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர், வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு. காய்ந்த சோயாவிலோ தண்ணீர் அநேகமாக இல்லை, நாம் ஊற்றுவதைத்தான் குடிக்கும். அதனால் கோழியில் தண்ணீரைக் காப்பாற்ற வேண்டும், முட்டையில் பிரியவிடாமல் பார்க்க வேண்டும், சோயாவில் முதல் தண்ணீரை வெளியேற்றி நம் ருசியை உள்ளே ஏற்ற வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவரோடு ஒவ்வொன்றாகப் பேசினேன்.

அவர் கோழியைச் சமைத்த விதம் இது: அரை கிலோ நெஞ்சுக்கறியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, "நல்லா வேகட்டும்" என்று அரை மணி நேரம் விட்டிருக்கிறார். தசையில் இருக்கும் புரதங்கள் ஒரே நேரத்தில் வேகுவதில்லை. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஒரு புரதம் இறுகத் தொடங்கும், கறி அப்போது இன்னும் சாறோடு இருக்கும். 65 டிகிரிக்கு மேல் போகப் போக இன்னொரு புரதமும் இறுகி, தசைநார் நீளவாக்கில் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோலத் தண்ணீரை வெளியே தள்ளும். தொடைக்கறியில் இது பெரிதாகத் தெரியாது. அதிலுள்ள கொழுப்பும், இணைப்புத் திசு உருகி வரும் வழவழப்பும் காப்பாற்றிவிடும். நெஞ்சுக்கறிக்கு அந்தத் துணை கிடையாது. பாதுகாப்புக்காகத் தடிமனான இடத்தின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். தொட்டதும் எடுத்துவிட வேண்டும். இந்த இடைவெளி குறுகலானது என்பதால்தான், கறியில் குத்திப் பார்க்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கச் சொல்கிறேன். நிறத்தை மட்டும் பார்த்து வெந்ததா என்று முடிவுசெய்வது நம்பகமானதல்ல.

வேகவைப்பதற்கு முன்னால் செய்யவேண்டியது உப்பு. அரை கிலோவுக்குத் தட்டையாக ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்தாறு கிராம் தூள் உப்பை எல்லாப் பக்கமும் தடவி மூடி, குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரவு முழுக்க இருந்தாலும் நல்லது. முதலில் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த உப்புநீர் திரும்ப உள்ளே போய்ப் புரதத்தைக் கொஞ்சம் தளர்த்தும். தளர்ந்த புரதம் சூட்டில் அவ்வளவு இறுக்கமாகப் பிழியாது. பிறகு குழம்பிலோ மசாலாவிலோ உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் கட்டுப்படுத்துகிறவர்கள் பாதி அளவோடு நிறுத்திக்கொள்ளலாம், அதிலும் பலன் தெரியும்.

அடுத்தது தடிமன். நெஞ்சுத் துண்டு ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் வாலாகவும் இருக்கும். மேடு வேகும்வரை காத்திருந்தால் வால் சக்கையாகிவிடும். கத்தியைப் படுக்கவைத்துக் குறுக்கே இரண்டாகப் பிளந்தோ, பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தட்டியோ எல்லா இடமும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம். கிருமி போகாது, சுற்றிலும்தான் தெறிக்கும். பேப்பர் டவலால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும்.

மிளகு, பூண்டு, மிளகாய்த் தூள் எதுவானாலும் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். இந்த எண்ணெயில் பயப்பட ஒன்றுமில்லை. மசாலாவின் மணம் பெரும்பாலும் கொழுப்பில்தான் கரையும், தண்ணீரில் வெந்த மசாலா நாக்கில் ஒட்டாமல் போவது அதனால்தான். எலுமிச்சைச் சாறு கடைசியில். அதில் மணிக்கணக்காக ஊறிய கறியின் மேல்பகுதி சுண்ணாம்புபோல் ஆகிவிடும்.

வாணலியை நன்றாகச் சூடாக்கி, மிதமான தீயில் ஒரு பக்கம் நான்கு நிமிடம் அசைக்காமல் விடுங்கள். பொன்னிறம் பிடித்ததும் திருப்பி, மூடி போட்டு மூன்று நான்கு நிமிடம். 74 காட்டியதும் தட்டுக்கு மாற்றி, ஐந்து நிமிடம் கத்தி வைக்காமல் இருங்கள். அப்புறம் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே நறுக்குங்கள். நாரின் நீளம் குறையும்போது பல்லுக்கு வேலையும் குறையும்.

அந்த இளைஞரைச் சமையலுக்கு முன்னும் பின்னும் எடைபோடச் சொல்லியிருந்தேன். அரை மணி நேரம் அவித்தபோது 500 கிராம் கறி 310 கிராமாக இறங்கியிருந்தது. இந்த முறையில் 385 கிராம் நின்றது. அந்த 75 கிராம் வித்தியாசம் அநேகமாகத் தண்ணீர். புரதம் இரண்டிலும் ஏறக்குறைய அதே 110 கிராம்தான். அதனால் கணக்குக்குப் பச்சைக் கறியின் எடையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எல்லாம் சரியாகச் செய்தும் சில நேரம் கறி மரத்துண்டுபோல் நறுக்நறுக்கென்று இருக்கும். வேகமாக வளர்க்கப்படும் கோழிகளில் வரும் ஒரு தசைக் கோளாறு அது. பச்சையாக இருக்கும்போதே வெளிறி, தொட்டால் விறைப்பாக, மேடு தட்டியிருக்கும். அதை முழுத்துண்டாகச் சமைத்துப் பயனில்லை. கொத்துக்கறியாக அரைத்துவிடுங்கள்.

வெள்ளைக்கருவுக்கு வருவோம். 62 டிகிரி வாக்கிலேயே அது கெட்டியாகத் தொடங்கும். 80ஐத் தாண்டி முக்கியப் புரதமும் இறுகிவிட்டால் வலைபோலப் பின்னிய புரதம் நெருங்கி, இடையில் பிடித்துவைத்த தண்ணீரை விட்டுவிடும். தட்டின் ஓரத்தில் தேங்கியது அதுதான், மீதி ரப்பர். கந்தக வாடையும் அதிகச் சூட்டில் வருவதே. நான் சொல்லிக்கொடுப்பது இது: நான்கு வெள்ளைக்கருவோடு ஒரு முழு முட்டை. புரதம் இருபது கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். அந்த ஒரு மஞ்சள் கரு தரும் ஐந்து கிராம் கொழுப்பு மொத்தத்தையும் மென்மையாக்கிவிடும். ஒரு டீஸ்பூன் சோளமாவை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, உப்போடு சேர்த்து நுரைக்காமல் கலக்குங்கள். மாவுச்சத்து நடுவில் நின்று புரதத்தை ரொம்ப நெருங்கவிடாது. சிம்மில் வைத்து, ஓடும் திரவம் எதுவும் இல்லாமல் பளபளப்பு மட்டும் மீதியிருக்கும்போதே இறக்கிவிடுங்கள். தவாவின் சூடே பாக்கியை முடிக்கும்.

நேரம் மிச்சமாகும் என்று பச்சை வெள்ளைக்கருவைக் குடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சால்மோனெல்லா கிருமி ஒரு பக்கம். வேகாத முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் உடலில் சேரும் என்பது இன்னொரு பக்கம். வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும்.

சோயாவில்தான் அவருக்கு இரண்டு சிக்கல். முதலாவது கணக்கு. 100 கிராம் சோயாவில் ஏறக்குறைய 52 கிராம் புரதம் என்று பொட்டலத்தில் இருப்பது காய்ந்த எடைக்கு. அவரோ ஊறிய சோயாவை 100 கிராம் நிறுத்து 52 என்று எழுதிவந்திருக்கிறார். அதில் காய்ந்த சோயா சுமார் 35 கிராம், புரதம் 18 கிராம். பசி அடங்கவில்லை என்று அவர் சொல்லிவந்ததை அப்போதுதான் நான் வேறு விதமாகக் கேட்டேன்.

இரண்டாவது வாடை. சோயா அரைபடும்போது ஒரு நொதி அதன் கொழுப்பில் வேலைசெய்து புல் வாடையை உண்டாக்குகிறது. எண்ணெய் எடுத்த மாவில்கூட அது ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைகளும் உண்டு. இரண்டுமே சுடுதண்ணீரில் கணிசமாக இறங்கும். 50 கிராம் சோயாவை உப்புப் போட்ட தண்ணீரில் மூடாமல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பிழியுங்கள். கலங்கலாக வரும். மறுபடி நல்ல தண்ணீர், மறுபடி பிழிதல். தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை.

பிழிந்த சோயா காலியான பஞ்சு. பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பிழியாமல் நேராகக் கிரேவியில் போட்டால், ஏற்கெனவே நிரம்பிய பஞ்சுக்குள் மசாலா எப்படிப் போகும்? பிழிந்த சூட்டோடு தக்காளி, பூண்டு, மிளகு, உப்பு போட்டுக் கொதிக்கவைத்த சாற்றில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். சாறு தனியாகக் குடித்தால் கொஞ்சம் உப்புக் கரிக்க வேண்டும், அதுதான் அளவு. பிறகு ஒரு டீஸ்பூன் எண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை வறுங்கள். பெரிய உருண்டையைவிடச் சின்ன உருண்டையில் நடுப்பகுதிவரை ருசி ஏறும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சோயா அதை உறிஞ்சவிடாமல் குறைக்கும் என்பதால், இடைவெளியை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பே கேட்க வேண்டும்.

டப்பா கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: கறியை நறுக்காமல் முழுத்துண்டாகவே ஃபிரிட்ஜில் வையுங்கள், சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மைக்ரோவேவில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி, பாதி வேகத்தில் ஆவி பறக்கச் சூடாக்கிவிட்டு அப்புறம் நறுக்குங்கள்.

நான்கு வாரம் கழித்து அவர் மறுபடி டப்பாவோடு வந்தார். கோழியை அழுத்தினால் விரல் நனைந்தது. முட்டை ஓரத்தில் தண்ணீர் இல்லை. சோயா ஒன்றை வாயில் போட்டேன், வெளியே நல்ல காரம், நடுவில் இன்னும் லேசான வாடை. "எத்தனை முறை பிழிஞ்சீங்க?" என்றேன். ஒருமுறைதான் என்றார், காலையில் அவசரமாம். முதல்நாள் இரவே பிழிந்து, மசாலாச் சாற்றில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் வறுக்க மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.