டரவுஃப், வோரவுஃப்: ஜெர்மன் மொழியின் ‘அதன்மேல்’, ‘எதன்மேல்’

ஜெர்மன் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் நான் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. “தேர்வு திங்கட்கிழமை. அதை நினைத்துக்கொள்கிறேன்” என்று சொல்ல நினைத்தேன். ஆசிரியை இரண்டாவது வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சுழித்து, ஓரத்தில் “யாரை?” என்று எழுதியிருந்தார். பால், வேற்றுமை, சொல்லின் இடம் எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் எழுதியிருந்தேன். எங்கே பிழை என்று அன்று எனக்குப் புரியவில்லை.

நான் எழுதியது “இஷ் டெங்க்கெ அன் ஸீ”. ஜெர்மனில் ‘நினை’ என்பதற்குரிய வினை இந்தப் பொருளில் ‘அன்’ என்ற, பெயருக்கு முன்னால் நிற்கும் முன்னிடைச்சொல்லைக் கூட்டிக்கொண்டு வரும். தேர்வைக் குறிக்கும் ‘ப்ரூஃபுங்’ பெண்பால் சொல். பெண்பாலுக்கு உரிய சுட்டுப்பெயர் ‘ஸீ’. ஆகவே ‘அன் ஸீ’ என்பதுதான் சரியாக இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதைப் படிக்கும் ஜெர்மானியருக்கு “அவளை நினைக்கிறேன்” என்றே கேட்கும். தேர்வை நினைப்பதென்றால் அவர் சொல்வது “இஷ் டெங்க்கெ டரன்”. ‘டா’ என்ற சிறு சொல்லோடு ‘அன்’ சேர்ந்து ஒரே சொல்லாகி, முன்னிடைச்சொல்லுக்கும் சுட்டுப்பெயருக்கும் சேர்த்து நிற்கிறது.

கேள்வியிலும் இதே பிரிவு உண்டு. “யாரை நினைக்கிறாய்?” என்பதற்கு ‘அன் வேன்’. “எதை நினைக்கிறாய்?” என்பதற்கு ‘வோரன்’. அம்மாவை நினைப்பவர் முதல் கேள்விக்கு ‘அன் ஸீ’ என்று பதில் சொல்வார். தேர்வை நினைப்பவர் இரண்டாம் கேள்விக்கு ‘டரன்’ என்பார். அம்மாவைக் குறிக்கும் ‘முட்டர்’, தேர்வைக் குறிக்கும் ‘ப்ரூஃபுங்’ இரண்டும் பெண்பால்தான். எழுவாயாக வரும்போது இரண்டுக்கும் ஒரே ‘ஸீ’ போதும். முன்னிடைச்சொல் ஒன்று முன்னால் வந்தவுடன் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

இது சாதாரண விஷயமல்ல. ஜெர்மன் இலக்கணம் பெயர்களை ஆண்பால், பெண்பால், அலிப்பால் என்று மூன்றாக வகுக்கிறது. அந்தப் பகுப்புக்கும் உயிருள்ளது, இல்லாதது என்ற பாகுபாட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மேசை ‘அவன்’, விளக்கு ‘அவள்’. தமிழர்களுக்கு முதலில் உறுத்துவது இதுதான்: உயர்திணை, அஃறிணை என்ற பிரிவே இல்லாமல் எப்படிப் பேசுகிறார்கள்? அந்தப் பிரிவு ஒளிந்திருக்கும் ஓர் இடம் இந்த டா-சொற்களும் வோ-சொற்களும்.

நாமும் இதைச் செய்கிறோம். “சாவி பெட்டியில் இருக்கிறது”, “சாவி ஆசிரியரிடம் இருக்கிறது” என்று ஆளுக்கும் பொருளுக்கும் வெவ்வேறு உருபு போடுகிறோம். பெட்டியிடம் சாவி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நாய் விஷயத்தில் இரு மொழிகளும் இன்னும் நெருங்கிவருகின்றன. தமிழில் நாய் அஃறிணை என்றாலும் “நாயிடம் எலும்பு இருக்கிறது” என்றுதான் சொல்வோம். ஜெர்மானியரும் தம் நாயோடு நடக்கப் போகும்போது ‘மிட் ஈம்’, அதாவது ‘அவனோடு’ என்பார்கள். ‘டமிட்’ என்றால் நாய் ஒரு கருவியாகிவிடும். குழந்தைக்கான ‘கிண்ட்’ என்ற சொல் அலிப்பால்தான், ஆனால் குழந்தைக்காக ஏதாவது வாங்கினால் ‘ஃப்யூர் எஸ்’ என்பார்களே தவிர ‘டஃப்யூர்’ என்று சொல்ல மாட்டார்கள். பால் எதுவாக இருந்தாலும் குழந்தை ஓர் ஆள். ஒரு விதிவிலக்கு மட்டும்: கூட்டத்தில் ஒரு பகுதியைச் சுட்டும் ‘டருண்டர்’ மனிதர்களுக்கும் வரும். “பத்துப் பேர் வந்தார்கள், அவர்களில் மூன்று குழந்தைகள்” என்பதில் ‘அவர்களில்’ என்ற இடத்தில் அது இயல்பாகப் பொருந்தும்.

இந்தச் சொற்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் தமிழ்க் காதுக்கு இன்னொரு மகிழ்ச்சி. ஜெர்மனில் இடைச்சொல் பொதுவாகப் பெயருக்கு முன்னால் வரும்: ‘அவுஃப் டெம் டிஷ்’, சொல்லுக்குச் சொல் ‘மேல் அந்த மேசை’. ‘டரவுஃப்’ என்பதிலோ சுட்டு முன்னால், இடைச்சொல் பின்னால். அதாவது ‘அதன்மேல்’. வரிசை அப்படியே நம்முடையது. ‘ஹீர்’ என்ற மூன்றாவது உறவினரையும் சேர்த்தால் தொகுப்பு முழுமையாகிறது: ஹீரவுஃப், டரவுஃப், வோரவுஃப், இதன்மேல், அதன்மேல், எதன்மேல். இ, அ, எ என்ற நம் மூன்று எழுத்துகள் செய்யும் வேலையை ஹீர், டா, வோ செய்கின்றன. இரு மொழிகளுக்கும் உறவு இல்லை; ஒரே தேவைக்கு ஒரே மாதிரித் தீர்வு அமைந்திருக்கிறது. தனித்து வரும்போது இந்த மூன்றுக்கும் இங்கே, அங்கே, எங்கே என்று பொருள். இடத்தைச் சுட்டிய சொல் மெல்ல மெல்லப் பொருளைச் சுட்டப் பழகிவிட்டது.

‘டா’வும் ‘அன்’னும் சேர்ந்தால் ‘டாஅன்’ என்றுதானே வரவேண்டும், நடுவில் ‘ர’ எங்கிருந்து வந்தது? பாடநூல்கள் “முன்னிடைச்சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் நடுவில் ‘ர்’ சேர்க்கவும்” என்று விதி சொல்கின்றன. மனப்பாடம் செய்ய அது போதும். உண்மையில் அந்த ‘ர்’ யாரும் சேர்த்தது அல்ல, பழையது மிஞ்சியது. கி.பி. 750 முதல் 1050 வரையிலான பழைய உயர்ஜெர்மனில் ‘அங்கே’ என்பதற்கான சொல் ‘தார்’, ‘எங்கே’ என்பதற்கு ‘ஹ்வார்’. பிறகு சொல்லின் இறுதியில் இருந்த ‘ர்’ தேய்ந்து மறைந்தது. பின்னால் ஓர் உயிர் வந்து அதைத் தாங்கிப் பிடித்த இடங்களில் மட்டும் தப்பித்துக்கொண்டது. ஆகவே டரன், டரவுஃப், டரின், டரும் என்பவற்றில் ‘ர்’ இருக்கிறது. டமிட், டஃபொன், டஃப்யூர் என்பவற்றில் இல்லை. பழைய நூல்களில் ‘டார்நாக்’ என்று மெய்யெழுத்துக்கு முன்னாலும் அது தென்படும், இன்றைய வடிவம் ‘டநாக்’. ஆங்கிலத்தின் தேர், வேர் ஆகிய சொற்கள் எழுத்தில் அந்த ‘ர்’ரை இன்றும் விடவில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு சாட்சி உண்டு. ‘ஏன்’ என்று கேட்கும் ஜெர்மன் சொல் ‘வாரும்’. அது, ‘ஹ்வார்’ பின்னாளில் பெற்ற ‘வார்’ என்ற வடிவமும் ‘உம்’ என்பதும் சேர்ந்த சேர்க்கை. ‘வார்’ தன் ‘ர்’ரை இழந்து, பிறகு உயிரும் மாறி ‘வோ’ ஆனது. ஆனால் அதற்குள் ‘வாரும்’ ஒரே சொல்லாக இறுகிவிட்டிருந்ததால் பழைய உயிரோடு அப்படியே நின்றது. பின்னர் அதே இரண்டு துண்டுகளும் புதிய உயிரோடு ‘வோரும்’ என்றும் வழங்குகின்றன, ‘எதைப் பற்றி’ என்ற பொருளில். ஒரே பெற்றோருக்கு வெவ்வேறு காலத்தில் பிறந்த பிள்ளைகள்.

கற்பவருக்கு இந்தச் சொற்கள் தரும் பெரிய சலுகை ஒன்று உண்டு. புத்தகத்தை மேசைமேல் வைத்தால் ‘அவுஃப்’ ஒரு வேற்றுமை கேட்கும், புத்தகம் மேசைமேல் இருந்தால் வேறொரு வேற்றுமை கேட்கும். மேசை ஆண்பால், பெஞ்சு பெண்பால், அலமாரித்தட்டு அலிப்பால் என்று ஒவ்வொன்றுக்கும் சுட்டுப்பெயர் மாறும். ‘டரவுஃப்’ இந்த எல்லா இடங்களிலும் ஒரே வடிவம். பாலும் வேற்றுமையும் அதற்குள் நுழையவே இல்லை. நுழையாததால் ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: ‘டரின்’ உள்ளே இருப்பதைத்தான் சொல்லும். உள்ளே போடுவதைச் சொல்ல ‘ஹினைன்’ வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை இந்தச் சொற்களின் மிக அழகான வேலை வாக்கியத்தைத் தாங்குவது. தமிழில் “தேர்வு திங்கட்கிழமை” என்ற முழு வாக்கியத்தோடு ‘ஐ’ உருபை நேராக ஒட்ட முடியாது. அதனால் ‘என்பது’ என்ற தாங்கியைப் போட்டு, “தேர்வு திங்கட்கிழமை என்பதை நினைத்துக்கொள்கிறேன்” என்கிறோம். ஜெர்மனிலும் முன்னிடைச்சொல்லை நேராக ‘டஸ்’ என்று தொடங்கும் துணைவாக்கியத்துக்கு முன்னால் வைக்க முடியாது. ‘இஷ் டெங்க்கெ அன் டஸ்’ என்பது இலக்கணமில்லை. ‘இஷ் டெங்க்கெ டரன், டஸ்’ என்று முதலில் ஒரு ‘டரன்’ வந்து இடம் பிடித்துவைக்கிறது. கமாவுக்குப் பிறகு வாக்கியம் வந்து அதை நிரப்புகிறது. நம் தாங்கி வாக்கியத்தின் வாலில், அவர்களுடையது தலையில். நான் பார்த்த மாணவர்கள் அதிகம் மறப்பது இந்த ‘டா’வைத்தான். ‘என்பது’ விட்டுப்போன தமிழ் வாக்கியம் நமக்கு எவ்வளவு ஊனமாகக் கேட்குமோ, அவர்களுக்கும் அப்படியே கேட்கிறது.

இனி, வழக்கமாகக் கால் இடறும் மூன்று இடங்கள். முதலாவது, ஊர். பெர்லினில் வசிக்கிறேன், அங்கே வேலை செய்கிறேன் என்னும்போது பெர்லின் ஒரு பொருள்தானே என்று ‘டரின்’ போடத் தோன்றும். அங்கே ‘டோர்ட்’ அல்லது வெறும் ‘டா’தான் வரும். கேள்வி ‘எதில்’ என்று இருந்தால் ‘டரின்’, ‘எங்கே’ என்று இருந்தால் ‘டோர்ட்’ என்று தமிழில் கேட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டாவது, எல்லா முன்னிடைச்சொல்லும் ‘டா’வோடு சேராது. ‘இல்லாமல்’ என்ற பொருள்கொண்ட ‘ஓனெ’ சேர்வதில்லை. அதனால் பொருளுக்கும் அதன் பாலுக்கேற்ப ‘ஓனெ ஈன்’, ‘ஓனெ ஸீ’, ‘ஓனெ எஸ்’ என்றே சொல்ல வேண்டும். மூன்றாவது, ‘டமிட்’. அது ‘அதைக்கொண்டு’ என்றும் பொருள்படும், ‘அதற்காக’ என்று நோக்கம் சொல்லும் இணைப்புச்சொல்லாகவும் வரும். ஒரே நான்கு சொற்களை வைத்தே வேறுபாட்டைப் பார்க்கலாம். ‘டமிட் கன் இஷ் ஷ்ரைபென்’ என்றால் “அதைக்கொண்டு என்னால் எழுத முடியும்”. ‘டமிட் இஷ் ஷ்ரைபென் கன்’ என்றால் “நான் எழுத முடிய வேண்டும் என்பதற்காக”. ‘முடியும்’ என்ற ‘கன்’ இரண்டாவது இடத்தில் இருந்தால் அது நம் டா-சொல், கடைசிக்குப் போயிருந்தால் இணைப்புச்சொல்.

பேச்சு மொழியில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது. ‘வோமிட்’ என்பதற்குப் பதில் ‘மிட் வஸ்’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். எழுத்தில் அது தவிர்க்கப்படுகிறது. டரன், டரவுஃப் எல்லாம் ட்ரன், ட்ரவுஃப் என்று சுருங்கிவிடும். வட ஜெர்மனியில் இந்தச் சொற்களைப் பிளந்தே பேசுகிறார்கள். “அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது” என்பது ஏட்டு மொழியில் ‘டஃபொன் வைஸ் இஷ் நிக்ட்ஸ்’. வடக்கே ‘டா வைஸ் இஷ் நிக்ட்ஸ் ஃபொன்’ என்று ‘டா’ வாக்கியத்தின் தலையிலும் ‘ஃபொன்’ வாலிலும் போய் உட்காரும். உயிரில் தொடங்கும் இடைச்சொற்கள் பெரும்பாலும் இப்படித் தனியே நிற்பதில்லை. அவற்றுக்கு ‘டா’ இரண்டு முறை வருகிறது: ‘டா ஹாபெ இஷ் நிக்ட் ட்ரன் கெடாக்ட்’, “அதை நான் யோசிக்கவே இல்லை”. முதல் சொல்லாக ஒரு ‘டா’. ‘ட்ரன்’ என்பதன் தொடக்கத்தில் உயிர் தேய்ந்த இன்னொரு ‘டா’, அதன் அருகில் அந்தப் பழைய ‘ர்’.