தெர்மாகோலில் பதிந்த குழி

வில்லியனூரில் சுடுமண் வேலை செய்யும் ஒருவரிடம் வாங்கிய குதிரை அது. முப்பது சென்டிமீட்டர் உயரம், ஒண்ணே முக்கால் கிலோ எடை. கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனரின் புதுமனைக்கு அனுப்பினேன். நான்கு சுற்று பபிள் ரேப், சுற்றிலும் கசக்கிய செய்தித்தாள், கையில் இருந்த ஒரு அட்டைப் பெட்டி. மூன்றாம் நாள் போன் வந்தது. "மச்சான், குதிரை வந்துருச்சு. தலை தனியா வந்திருக்கு."

கூரியர் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டேன். போதிய பேக்கிங் இல்லை என்று ஒரே வரியில் நிராகரித்தார்கள். முதலில் கோபம்தான் வந்தது. மைத்துனர் அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தபோது அவர்கள் சொன்னது சரி என்று புரிந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் விளிம்புகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தன. வெளியே இருந்து எதுவும் குத்தவில்லை. குதிரையின் காதுதான் உள்ளேயிருந்து அட்டையைக் குத்திக் கிழித்திருக்கிறது. அதாவது, பொருளுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றுமே மிஞ்சவில்லை. என் பெட்டியே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

சரக்குப் பயணக் காப்பீட்டில், பேக்கிங் போதாமையாலோ பொருத்தமின்மையாலோ வரும் சேதத்தை விலக்கிவைக்கும் விதி வழக்கமாக இருக்கும். பல கூரியர் ரசீதுகளிலும் அதே கருத்து பொடி எழுத்தில் இருக்கும். ஆகவே உடைந்தது என்று காட்டினால் போதாது. பேக்கிங் சரியாக இருந்தும் உடைந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு, பெட்டி விழும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

விழும் பொருளை உடைப்பது உயரம் மட்டும் அல்ல, அது எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதும்தான். கணக்கு எளிது. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், பொருள் தன் எடையைப் போல எத்தனை மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று தோராயமாக வரும். மேசை உயரமான 75 சென்டிமீட்டரிலிருந்து விழுந்து அரை சென்டிமீட்டரில் நின்றால் 150 மடங்கு. மூன்று சென்டிமீட்டரில் மெதுவாக நின்றால் 25 மடங்கு. குதிரையின் தலை மட்டும் 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் அந்த ஒல்லியான கழுத்தில் 30 கிலோ தொங்குவதற்குச் சமம். இரண்டாவதில் ஐந்து கிலோ. கண்ணாடிக் குடுவையை விட, காதும் வாலும் நீட்டிக்கொண்டிருக்கும் சிற்பம் ஆபத்தானது என்பது இதனால்தான்.

75 சென்டிமீட்டரை நான் சும்மா எடுக்கவில்லை. பார்சல் பேக்கிங்கைச் சோதிப்பதற்கென்று உலக அளவில் பயன்படும் ஒரு நடைமுறையில், பத்து கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள். ஒரு மூலையில் ஒருமுறை, மூன்று விளிம்புகளில் ஒவ்வொரு முறை, ஆறு முகங்களிலும் ஒவ்வொரு முறை. பெட்டியைக் கையாளும்போது இந்த உயரத்திலிருந்து விழுவது சகஜம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. எனவே இதைத் தாங்காத பேக்கிங்கைப் போதிய பேக்கிங் என்று வாதிட முடியாது.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. மூலையில் விழுந்தால் அட்டை நசுங்கும். அந்த நசுங்கலே கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிடும், அடையாளமும் வெளியே தெரியும். ஆனால் பெட்டி தட்டையாக, முழு முகமும் தரையில் படும்படி விழுந்தால் அட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதிர்ச்சி முழுவதும் உள்ளே போகும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது, உள்ளே எப்படி உடையும் என்ற கேள்விக்கு இதுதான் பதில். இந்தத் தட்டை விழுகையைப் பதிவுசெய்ய உள்ளே ஏதாவது வேண்டும்.

அந்த வேலைக்கு தெர்மாகோல் அருமையான பொருள். ஈ.பி.ஈ. எனப்படும் மென்மையான ஃபோம் அமுங்கினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். பபிள் ரேப்பும் வெடிக்காத வரை அப்படியே. தெர்மாகோல் ஒருமுறை நன்றாக நசுங்கினால் முழுதாகப் பழைய நிலைக்கு வராது, குழி நிற்கும். பாதுகாப்பைப் பொறுத்தவரை இது குறை, ஏனென்றால் இரண்டாவது அடிக்குத் தாங்கும் தூரம் குறைந்துவிடும். சாட்சியத்துக்கு அதுவே வரம்.

ஆனால் பொருள் இருக்கும் உள்பெட்டிக்கும் அதைச் சுற்றிய வெளிப்பெட்டிக்கும் நடுவே ஆறு பக்கமும் அதை முழுத் தகடாக வைத்தால் பொருள் உடையும். ஏன் என்று பார்ப்போம். சாதாரண தெர்மாகோலை நசுக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை அழுத்தம் வேண்டும். என் உள்பெட்டியின் அடிப்பரப்பு ஆயிரம் சதுர சென்டிமீட்டருக்கு மேல். அதன் எடை குதிரையோடு இரண்டரை கிலோ. முழுத் தகட்டை நசுக்க ஐந்நூறு கிலோவுக்கு மேல் விசை வேண்டியிருக்கும், அதாவது பெட்டியின் எடையைப் போல 200 மடங்கு. அவ்வளவு விசை வந்தால் தகடு நசுங்கும் முன்பே கழுத்து போய்விடும். மெத்தை என்று நினைத்து வைத்தது பலகையாக வேலை செய்யும்.

பரப்பைக் குறைத்தால் தீர்ந்தது. ஒவ்வொரு முகத்திலும் நான்கு மூலைகளில் மட்டும் ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் துண்டுகள், தடிமன் ஐந்து சென்டிமீட்டர். மொத்தப் பரப்பு நூறு சதுர சென்டிமீட்டர். இப்போது ஐம்பது அறுபது கிலோ விசையிலேயே நசுங்க ஆரம்பிக்கும். பெட்டியின் எடையைப் போல இருபதிலிருந்து இருபத்தைந்து மடங்கு. மேசை உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் மூன்று சென்டிமீட்டர் நசுங்கி நிற்கும். இன்னும் இரண்டு சென்டிமீட்டர் கையிருப்பு. இன்னொன்றையும் கவனியுங்கள்: லாரியில் சும்மா கிடக்கும்போது இந்தத் துண்டுகளின் மேல் இருப்பது இரண்டரை கிலோதான். நசுக்கத் தேவையான விசையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. ஆகவே சாலைக் குலுக்கலில் துண்டுகளில் ஆழமான குழி விழாது. ஆழமான குழி இருந்தால் பெட்டி விழுந்திருக்கிறது.

இரண்டாவது குதிரையை இப்படித்தான் கட்டினேன். காதுகளுக்கும் கால்களின் இடைவெளிக்கும் மெல்லிய ஃபோம் சுற்றி, மொத்தத்தையும் 36, 30, 18 சென்டிமீட்டர் உள்ள மூன்று பிளை பெட்டியில் ஆடாமல் பொருத்தினேன். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. அதை 46, 40, 28 உள்ள புதிய ஐந்து பிளை பெட்டிக்குள், 24 தெர்மாகோல் துண்டுகளின் நடுவே வைத்தேன். துண்டுகளை உள்பெட்டியில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிட்டேன், இல்லையென்றால் நகர்ந்துவிடும். பழைய பெட்டி வேண்டாம் என்பதற்கு நம்மூரில் கூடுதல் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைக் காற்றில் அட்டை ஈரத்தைக் குடிக்கும். நன்றாக ஈரப்பதம் ஏறிய அட்டை, காய்ந்த நிலையில் தாங்கும் அடுக்குச் சுமையில் ஏறக்குறைய பாதியைத்தான் தாங்கும்.

அனுப்பும் முன் ஒரு ஒத்திகை பார்த்தேன். குதிரைக்குப் பதிலாக, உள்பெட்டி அதே எடைக்கு வரும்படி அரிசிப் பையை வைத்து, மேசையிலிருந்து தட்டையாகத் தள்ளிவிட்டேன். குழி மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தேன். பிறகு புதிய துண்டுகளை ஒட்டி, குதிரையை வைத்து, மூடும் முன் ஒவ்வொரு அடுக்கையும் படம் பிடித்தேன். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே ஸ்கேல் நிற்கும் படம்தான் இதில் முக்கியமானது. ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி இருந்ததா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

செலவைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கூரியரில் எடையோடு இடத்துக்கும் காசு. சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுப்பது பரவலான முறை. உள்பெட்டியை மட்டும் அனுப்பியிருந்தால் நான்கு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. வெளிப்பெட்டியோடு பத்து கிலோவுக்கு மேல். நானூறு ரூபாய்ப் பொம்மைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது.

பணம் கட்டும்போது இரண்டு கேள்வி கேட்டேன். சுடுமண் பொருளுக்கு உங்கள் காப்பீடு உண்டா? மதிப்பை ரசீதில் எழுதுவீர்களா? கண்ணாடி, பீங்கான், மண்பாண்டம் ஆகியவற்றைக் காப்பீட்டிலிருந்து விலக்கிவைக்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே எவ்வளவு அழகாகப் பேக் செய்தாலும் பயனில்லை. மதிப்பு எழுதாவிட்டால் ரசீதில் அச்சிட்ட சிறு தொகைதான் எல்லை. திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்று வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆவணங்கள் சேராமல் பெரிய நஷ்டமானபோது, கையெழுத்திட்ட ரசீதில் இருந்த 100 டாலர் வரம்பையே 1996-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நான் விலைச் சீட்டோடு 2,800 ரூபாய் என்று எழுதி, கூடுதல் கட்டணமும் கட்டினேன்.

இந்த முறை வால் உடைந்தது.

மைத்துனருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஓ.டி.பி. கொடுக்கும் முன் பெட்டியின் ஆறு முகங்களையும் படம் எடுத்தார். ஒரு கீழ்மூலை லேசாக நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். டேப்பை வெட்டுவதிலிருந்து வாலைக் கையில் எடுப்பது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ. ரசீதின் பின்பக்கம் போட்டிருந்த கெடுவுக்குள், அன்று மாலையே புகார். பெட்டி, துண்டுகள், ஃபோம் எதையும் எறியவில்லை. சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வரும்வரை அக்கா அதைப் பூஜை அறைக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

அடிமுகத்தின் நான்கு துண்டுகளிலும் நான்கு சென்டிமீட்டர் குழி. நான்கும் ஒரே ஆழம், அதனால் தட்டையான விழுகை. ஒத்திகையில் மூன்றுகூட இல்லை. அறுபது சதவீதத்துக்கு மேல் நசுங்கிய தெர்மாகோல் கெட்டிப்படும். அதன் பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விசை வேகமாக ஏறும். வால் போனது அங்கேதான் இருக்க வேண்டும். ஒரே விழுகை என்றால் உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாது.

சர்வேயர் குழிகளை அளந்துவிட்டு என்னிடம் போனில் கேட்டார்: "ஒரே தடவை விழுந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? ரெண்டு தடவை விழுந்திருக்கலாமே?"

நல்ல கேள்வி. முதல் அடியில் மூன்று, அடுத்ததில் ஒன்று என்று இருக்கலாம். குழியை மட்டும் பார்த்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. "இருக்கலாம் சார்," என்றேன். "ஆனா ரெண்டு தடவையும் பெட்டி என்கிட்ட இல்லையே."

ஐந்து வாரத்தில் 2,800 ரூபாய் வந்தது. கூரியர் கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை. வாலை மைத்துனர் அரால்டைட் போட்டு ஒட்டிவிட்டார், கொஞ்சம் கோணல்.