எஃப்ஆர்ஏ பணம் ஏன் நம் கணக்கைவிடக் குறைவாக வருகிறது?

பின்னால் வாங்கப்போகும் கடனுக்கான வட்டி விகிதத்தை இப்போதே நிர்ணயித்துக்கொள்ளும் ஒப்பந்தம்தான் எஃப்ஆர்ஏ: விகிதம் அதைவிட ஏறினால் வித்தியாசம் நமக்கு வரும், இறங்கினால் நாம் கட்ட வேண்டும். யூரோவில் கடன் வாங்கும் நிறுவனங்களின் கணக்குப் பிரிவிலிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சார், எஃப்ஆர்ஏவுல நாங்க போட்ட கணக்குக்கும் பேங்க் வரவு வச்சதுக்கும் நூத்து முப்பது யூரோவுக்கு மேல இடிக்குது. கமிஷன் பிடிச்சிட்டாங்களா?" கமிஷன் எதுவும் இல்லை. பணம் மூன்று மாதம் முன்கூட்டியே வந்திருக்கிறது. அதற்கான வட்டியைத்தான் கழித்திருக்கிறார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். மார்ச் 18 முதல் ஜூன் 17 வரை, 91 நாளுக்கு, ஒரு கோடி யூரோ கடன் தேவை. வட்டி, யூரோ கடன்களுக்கு அடிப்படையாக அறிவிக்கப்படும் மூன்று மாத யூரிபார் விகிதம், அதோடு வங்கி தன் பங்காகச் சேர்க்கும் மார்ஜின் 1.50%. யூரிபார் ஏறிவிடுமோ என்ற பயத்தில் டிசம்பரிலேயே நிறுவனம் 3.00%க்கு எஃப்ஆர்ஏ வாங்கிவிடுகிறது. அசல் தொகை கைமாறுவதில்லை. வட்டி வித்தியாசம் மட்டும்தான் கைமாறும். மார்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வட்டிக்காலம் தொடங்குவதற்கு இரண்டு வேலை நாள் முன்பு, மார்ச் 16 அன்று, யூரிபார் 3.60% என்று அறிவிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.60%. ஒரு கோடிக்கு 91 நாள், 360 நாள் ஆண்டுக் கணக்கில் 15,166.67 யூரோ. கணக்குப் பிரிவு போட்டு வைத்திருப்பது இந்தத் தொகையைத்தான். கடனுக்கான வட்டியைக் கட்டுவது ஜூன் 17 அன்று என்பதால், இதுவும் ஜூன் 17 அன்றைய மதிப்புதான். ஆனால் யூரிபார் தெரிந்த பிறகு காத்திருக்க ஒன்றும் இல்லை. மூன்று மாதம் இழுத்தால், எதிர்த்தரப்பு பணம் தருமா என்ற கவலைதான் மிச்சம். அதனால் மார்ச் 18 அன்றே தீர்த்துவிடுகிறார்கள்:

```
N × (R − K) × d/360
-------------------
   1 + R × d/360

15,166.67 / 1.0091 = 15,029.90
```

N கடன் தொகை, R அறிவிக்கப்பட்ட யூரிபார், K ஒப்பந்த விகிதம், d நாட்கள். 136.77 யூரோ குறைவது இந்த வகுத்தலால்தான்.

இங்கே பலர் எக்செலில் தவறுவது ஓர் இடத்தில்: கீழே R வர வேண்டிய இடத்தில் K போட்டுவிடுகிறார்கள். அப்போது 15,052.52 வரும். 22 யூரோ சொச்சம்தான் வித்தியாசம் என்பதால் யார் கண்ணிலும் படாது. 365ஆல் வகுத்தால் கழிவுக்கு முன்பே 14,958.90 ஆகிவிடும், வங்கி தந்ததைவிடவே குறைவாக வரும். வித்தியாசம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே பிழை எங்கே என்று ஓரளவு தெரிந்துவிடும். பவுண்டுக்கும் ரூபாய்க்கும் வழக்கம் 365 நாள். ரூபாய்க் கணக்கின் ஷீட்டை அப்படியே நகலெடுத்து யூரோவுக்குப் பயன்படுத்தும்போது இது நடக்கும்.

கழிவு நியாயமானதா? சரிபார்ப்பது எளிது. 15,029.90 யூரோவை அதே 3.60%க்கு 91 நாள் போட்டால் 15,166.67 ஆகும். 3.60%இல் கடன் வட்டி, மார்ஜின் நீங்கலாக, 91,000. கழித்தால் 75,833.33. ஒரு கோடிக்கு 3.00% வட்டி சரியாக இதுதான்.

ஆனால் 'அதே 3.60%க்குப் போட்டால்' என்பது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. வந்த பணம் நடப்புக் கணக்கில் தூங்கினால் அந்த 136 யூரோ உண்மையிலேயே நஷ்டம். கடனை மார்ச் 18 அன்றுதான் எடுக்கிறீர்கள் என்றால், 15,029.90ஐக் குறைத்து எடுங்கள். அந்தத் தொகைக்கு மார்ஜினும் சேர்த்து 5.10% வட்டி மிச்சமாகும். கழிவை ஈடுகட்டி 57 யூரோ அளவுக்குக் கையிலும் நிற்கும்.

விகிதம் இறங்கினால் கதை திரும்பும். யூரிபார் 2.40% என்றால் வித்தியாசம் அதே 0.60%தான், ஆனால் நீங்கள் கட்ட வேண்டியது 15,075.21; ஏறியபோது வந்ததைவிட 45 யூரோ அதிகம். வகுக்கும் விகிதம் சிறிதானதால் வரும் விளைவு இது. ஜூன் மதிப்பில் இரண்டும் ஒன்றே. கஷ்டம் வேறு இடத்தில்: குறைந்த வட்டியின் பலன் ஜூனில்தான் கிடைக்கும், எஃப்ஆர்ஏ பணமோ மார்ச்சிலேயே போக வேண்டும். அதையும் 3.90%க்குக் கடனாக எடுத்தால் முன்பு மிச்சமான அதே 57 யூரோ இப்போது செலவு. தொகை சிறியதுதான், ஆனால் மார்ச் 18 அன்று கணக்கில் பணம் இல்லாமல் போவது சிறிய விஷயம் இல்லை.

டாலர் கடனுக்கு இந்தச் சூத்திரத்தை எடுத்துப்போகாதீர்கள். டாலருக்கு யூரிபார் போல இருந்த லைபார் விகிதம் 2023 ஜூனோடு முடிந்தது. அதன் இடத்துக்கு வந்த சோஃபர் ஒருநாள் விகிதம். அதைத் தினமும் கூட்டிக்கொண்டே போனால் மொத்த வட்டி எவ்வளவு என்பது காலத்தின் கடைசியில்தான் தெரியும். தொடக்கத்தில் R என்று போட எண்ணே இல்லை. அங்கே ஒரே ஒரு வட்டிக்காலத்துக்கு நிலையான விகிதத்தையும் மாறும் விகிதத்தையும் மாற்றிக்கொள்ளும் ஒற்றைக் கால ஸ்வாப் போட்டு, வித்தியாசத்தைக் கடைசியில் கழிவில்லாமல் முழுதாகத் தீர்க்கிறார்கள்.