காலை எட்டு மணி ரத்தமும் சி ஷிப்ட் உடம்பும்

மன்னார்குடி பக்கம் ஒரு எரிவாயு மின் நிலையத்தில் ஷிப்ட் பார்க்கும் 36 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்கு சி ஷிப்ட் தொடங்கினால் காலை 6 மணிக்கு முடியும். சில மாதங்களாக அவருக்கு மனைவியிடம் நாட்டம் இல்லை. யாரிடமும் சொல்லவும் கூச்சம். ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும் வழியிலேயே வெறும் வயிற்றோடு லேப் வாசலில் காத்திருந்து, 8 மணிக்கு ரத்தம் கொடுக்கிறார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 262 நானோகிராம் என்று வருகிறது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி 300க்குக் கீழே இருப்பதைக் குறைவு என்கிறது. எனவே ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு வருகிறது.

அந்த ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். ரத்தம் எடுத்தபோது அவர் கடைசியாகத் தூங்கி எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது?

டெஸ்டோஸ்டிரோன் விரைகளில் சுரக்கிறது. சுரக்கச் சொல்லும் உத்தரவு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோனாக விட்டு விட்டு வருகிறது. ஆண் தூங்கத் தொடங்கியதும் டெஸ்டோஸ்டிரோன் ஏறத் தொடங்கும். கனவுகள் அதிகம் வரும் உறக்கக் கட்டம் முதன்முதலாக வரும் நேரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், விழிக்கும்வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். விழித்த பிறகு மெல்ல இறங்கும். இந்த ஏற்றத்துக்கு இடையறாத தூக்கம் குறைந்தது மூன்று மணி நேரமாவது வேண்டும். அடிக்கடி கலைந்து, கனவுக் கட்டத்தையே எட்டாத தூக்கத்தில் இந்த ஏற்றம் சரியாக நடப்பதில்லை.

இது கடிகாரத்தின் வேலையா, தூக்கத்தின் வேலையா? சுவீடனில் செய்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான ஆண்களை இரவில் விழிக்க வைத்துப் பகலில் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் பகல் தூக்கத்திலும் ஏறியது, விழித்திருந்த நேரத்தில் இறங்கியது. அதாவது இந்த ஹார்மோன் பெரும்பாலும் தூக்கத்தின் பின்னால் போகிறது. லேப்காரர்கள் காலையில் வரச் சொல்வதன் காரணமும் இதுதான். இரவு தூங்கி எழுந்தவருக்குக் காலை என்பது தூக்கம் முடிந்த நேரம். முப்பது நாற்பது வயது ஆண்களில் காலை 8 மணி அளவோடு ஒப்பிட்டால் மாலை 4 மணி அளவு 20 முதல் 25 சதவீதம் குறைவாக இருக்கும்.

இப்போது நம் ஆளின் நாளைப் பார்ப்போம். 7 மணிக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுக்கிறார். ஒன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மறுநாள் லேபில் கை நீட்டும்போது அவர் விழித்துப் பதினெட்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. மற்றவர்களுக்கு உச்சமாக இருக்கும் வேளை அவருக்கு அடிமட்டம். நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால் 350 காட்டியிருக்கக்கூடியவருக்கு, அதில் கால் பங்கு குறைந்தாலே 262 வந்துவிடும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், முறை இல்லாத நாளில் வாய்க்காலைப் பார்த்துவிட்டு ஆறே வற்றிப்போனதாக எழுதிவைப்பது போன்றது இந்த ரிப்போர்ட்.

அதற்காக அவருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. அவர் தூங்குவது நான்கு மணி நேரம்தான், அதிலும் நிம்மதி இல்லை. ஹார்மோன் பகல் தூக்கத்திலும் ஏறும் என்றாலும், நீண்ட பகல் தூக்கத்தை உடம்பு லேசில் தராது. மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு உள்கடிகாரமாக வேலை செய்கிறது. அதை ஓட்டுவது வெளிச்சம். உடல் வெப்பம் விடியலுக்குச் சற்று முன்னால் மிகவும் குறைந்து, பிறகு ஏறத் தொடங்கும். விழிப்பைத் தூண்டும் கார்டிசால் காலையில் உச்சம் தொடும். தூக்கத்துக்குத் துணை நிற்கும் மெலட்டோனின், வீட்டுக்கு வண்டியோட்டி வரும் வழியில் படும் வெயிலிலேயே அடங்கிவிடும். இவ்வளவுக்கும் எதிராகத்தான் அவர் படுக்கிறார். அப்புறம் டெல்டாவின் மே மாத வெக்கை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கோயில் ஒலிபெருக்கி, தெருவில் போகும் அறுவடை இயந்திரம்.

குறைந்த தூக்கம் என்ன செய்யும் என்பதற்குச் சிகாகோவில் செய்த ஒரு சோதனை இருக்கிறது. 2011இல் வெளியான அதில், ஆரோக்கியமான இளைஞர்கள் 10 பேரை எட்டு இரவுகள் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆசை என்பது இந்த எண்ணோடு நேர்க்கோட்டில் ஏறி இறங்குவதில்லை. இயல்பான அளவுக்குள் சிறிது குறைந்தால் பலருக்கு வித்தியாசமே தெரியாது. அசதி, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை அதைவிட நேரடியாக ஆசையை அமுக்கும். இன்னொன்றையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் தூங்கி எழும் ஒன்றரை மணிக்கு மனைவி நடவு வயலில் இருக்கிறார். மனைவி ஓய்வாக இருக்கும் இரவு பத்து மணிக்கு அவர் கண்ட்ரோல் ரூமில் இருக்கிறார். இதை எந்த ஊசியும் சரிசெய்யாது.

தூக்கத்தில் தானாக வரும் விறைப்பும் பெரும்பாலும் கனவுக் கட்டத்தில்தான் வருகிறது. பாதித் தூக்கத்தில் சத்தம் கேட்டு எழுபவர் அதைக் கவனிக்காமலேயே போகலாம். ‘எனக்குப் போய்விட்டது’ என்று பயந்து விடுதியில் ரூம் போட்டிருக்கும் ‘ஆண்மைக் குறைவு’ வைத்தியரைத் தேடிப் போகிறவர்களில் இப்படிப்பட்டவர்களும் இருப்பார்கள் என்பது என் எண்ணம். அதே நேரம், விடுமுறையில் பல நாள் முழுத் தூக்கம் கிடைத்தும் விறைப்பே வரவில்லை என்றால் சர்க்கரை, ரத்தக்குழாய், மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

திருச்சியிலிருந்து இரவு விமானம் பிடித்துச் சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு நேர வித்தியாசம் இரண்டரை மணிதான். உள்கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நகரும், ஆக மூன்று நாளில் பழகிவிடும். அவர்களை அடிப்பது நேர வித்தியாசத்தைவிட அந்த ஒரு இரவு போன தூக்கம்தான். வாரந்தோறும் ஷிப்ட் மாறுபவருக்கோ கடிகாரம் நகர்ந்து முடிவதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது.

அவசரமாக ஊசி போடுவதில் உள்ள ஆபத்து இதுதான்: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும். எல்.எச். அடங்கும், விரைகள் வேலையைக் குறைக்கும், விந்தணு உற்பத்தி சரியும், சிலருக்கு நின்றே போகும். ஊசியை விட்ட பிறகு திரும்பிவர மாதக்கணக்கில் ஆகலாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிக்கு இது பெரிய இழப்பு.

ஆகவே பரிசோதனைக்கு பி ஷிப்ட் வாரம் நல்லது. இரவு 10 மணிக்கு வேலை முடிந்து, பதினொன்றரைக்குப் படுத்து ஏழு மணிக்கு எழலாம். அப்படி நான்கைந்து நாள் தூங்கிய பிறகு, எழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாளும் அதேபோல் எடுத்து, கூடவே எல்.எச். அளவையும் பார்க்கச் சொல்லலாம். எல்.எச். கூடி டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தால் கோளாறு விரையில். இரண்டும் குறைந்திருந்தால் மேலே, பிட்யூட்டரியின் பக்கம் தேட வேண்டும். ரத்தம் கொடுக்கும்போது, கடைசியாக எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டால், அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று மருத்துவருக்குத் தெரியும்.