குரல் நிற்கவில்லை, ஆனாலும் மீண்டேன்

"யாரும் பேசாமலே குரல் கேட்பது போன்ற அனுபவங்கள் வரும் சைக்கோசிஸ் என்ற மனநோயிலிருந்து மீண்டவர்களின் பேட்டிகளை வைத்து நிறைய சின்னச் சின்ன ஆய்வுகள் வருகின்றன. அவற்றை எப்படிக் கூட்டுவது? சராசரி எடுக்க முடியாதே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியாதுதான். அதற்கென்று நோப்ளிட், ஹேர் என்ற இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1988-இல் ஒரு வழி சொன்னார்கள். பெயர் மெட்டா எத்னோகிராஃபி. மொத்தம் ஏழு கட்டங்கள்.

முதல் மூன்றும் எளிது: கேள்வியை முடிவு செய்வது, பொருத்தமான ஆய்வுகளைத் தேர்வது, திரும்பத் திரும்பப் படிப்பது. படிக்கும்போதே நோயாளி சொன்னதையும் ஆய்வாளர் அதற்குக் கொடுத்த விளக்கத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆட்களின் பேட்டி இரண்டு கட்டுரைகளில் வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டு சாட்சியாகிவிடும்.

நான்காவதில் ஆய்வுகளின் கருத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதற்கு உறவு என்று பார்க்கிறோம். ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது: மொழிபெயர்ப்பு. ஓர் ஆய்வின் கருத்தை இன்னொன்றின் கருத்தால் சொல்லிப் பார்ப்பது.

கற்பனையாக மூன்று ஆய்வுகளை வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒருவர், "குரல் இன்னும் கேக்குது, ஆனா அது சொல்றத நான் செய்யறதில்ல" என்கிறார். ஆய்வாளர் இதைக் 'கட்டுப்பாடு' என்கிறார். இரண்டாவதில், "மாத்திரை அளவு பத்தி டாக்டர்கிட்ட நானே பேசினேன்." அதற்குத் 'தன்முடிவு' என்று பெயர். சொல் வேறு, ஆனால் ஒன்றை மற்றொன்றாக மாற்றினாலும் பொருள் சிதையவில்லை. சரி, இவை பொருந்துகின்றன. மூன்றாவதில், "நான் ஒண்ணும் முடிவு பண்ணல, அம்மா கூடவே இருந்தாங்க, அதனாலதான் எழுந்தேன்." அங்கே கருத்து 'சாய்ந்திருத்தல்'. இது மற்ற இரண்டுக்கும் நேர் எதிர்.

இங்கே பெரும்பான்மை பார்த்து மூன்றாவதைத் தள்ளிவிடக் கூடாது. ஏன் முரண்படுகிறது என்று மூல ஆய்வின் சூழலுக்குத் திரும்பிப் போகிறோம். மூன்றாவதில் பேட்டி எடுத்தது நோய் வந்த சில மாதங்களில்; மற்ற இரண்டிலும் பல வருடங்கள் கழித்து. முரண் இப்போது காலவரிசையாகிவிட்டது.

ஆறாவது கட்டத்தில் இதிலிருந்து புதுக் கருத்து எழுகிறது: மீட்சி என்பது பொறுப்பை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்குவது. மூன்று ஆய்வாளர்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. பிறகு மூலப் பேட்டிகளோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறோம். 'அம்மா விடவே இல்லை, அதுவே பாரமாச்சு' என்று ஒருவர் சொல்லியிருந்தால் கருத்தைத் திருத்த வேண்டும்.

ஏழாவது, உரியவர்களுக்குப் புரியும்படி எழுதுவது.

இந்தப் பெயரில் வரும் பல கட்டுரைகள் ஐந்தைத் தாண்டுவதில்லை. கண்டுபிடிப்பது சுலபம்: முடிவில் இருக்கும் தலைப்புகள் மூல ஆய்வுகளில் அப்படியே இருந்தால் நடந்தது வெறும் பட்டியல். ஐம்பது, அறுபது ஆய்வுகளை உள்ளே இழுத்தாலும் இப்படித்தான் ஆகிறது, ஒவ்வொன்றின் சூழலையும் யாராலும் மனதில் வைத்திருக்க முடியாது. புதுப் பேட்டிக்குத் தாராளமாகப் பணம் தரும் நிதிக் குழுக்கள், ஏற்கெனவே எடுத்ததைப் பொறுமையாகப் படிக்க ஆறு மாதச் சம்பளம் கேட்டால் முகம் சுளிப்பதுதான் எனக்குப் புரியவில்லை.