மைனஸ் 3 டெசிபெல்: எங்கிருந்து எண்ணுவது?

ஆர்சி ஃபில்டர் சோதனையில் கட்-ஆஃப், அதாவது அவுட்புட் 3 டெசிபெல் இறங்கும் அதிர்வெண், எது என்று கேட்டால் கணக்கு ஒரு விடை சொல்லும், கிராஃப் இன்னொன்று சொல்லும். உடனே பழி கெபாசிட்டர் மேல் விழுகிறது. ரெக்கார்டு நோட்டில் கணக்கு விடையே ஏறிவிடுகிறது. உண்மையில் கிராஃப் பொய் சொல்வது அபூர்வம். கணக்கில் வந்த கட்-ஆஃபுக்கும் கிராஃபில் படித்ததற்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று பார்த்தாலே, எங்கே தவறு நடந்தது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

சென்னையில் எந்தக் கல்லூரி லேபிலும் கிடைக்கிற, ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடிய இரண்டு பார்ட்ஸையே எடுத்துக்கொள்வோம்: 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 நானோ ஃபாரட் கெபாசிட்டர். கடையில் வெறுமனே "103 கெபாசிட்டர்" என்று கேட்டால் டிஸ்க் செராமிக் கையில் வரலாம். அதில் 103-க்குப் பின்னால் `Z` என்று இருந்தால் ஒதுக்கி வையுங்கள். அதன் மதிப்பு 20 சதவீதம் குறைவாகவும் இருக்கலாம், 80 சதவீதம் கூடுதலாகவும் இருக்கலாம். கட்-ஆஃப் 880 ஹெர்ட்ஸிலிருந்து 1990 ஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் விழும். `103J` என்று அச்சிட்ட பாலியஸ்டர் வகையைக் கேட்டு வாங்கினால் 5 சதவீதத்துக்குள் நிற்கும். சில ரூபாய்தான் கூடுதல், ஒரு மதிய நேரம் மிச்சம்.

லோ பாஸ் என்றால் ரெசிஸ்டர் வழியில், கெபாசிட்டர் கிரவுண்டுக்கு. அவுட்புட் கெபாசிட்டரின் குறுக்கே. கட்-ஆஃப் கணக்கு:

```
fc = 1 / (2 × π × R × C)
   = 1 / (2 × 3.1416 × 10000 × 0.00000001)
   = 1592 Hz
```

அளக்கும்போது ஜெனரேட்டர் திரையில் காட்டும் வோல்டேஜை இன்புட் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பல ஜெனரேட்டர்கள் 50 ஓம் சுமை மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு எண்ணைக் காட்டும். நம் சர்க்யூட்டில் அந்தச் சுமை இல்லாததால் நிஜத்தில் இரண்டு மடங்கு வரும். அப்புறம் கிராஃப் பிளஸ் 6 டெசிபெல்லில் தொடங்கும். ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் மட்டுமே உள்ள ஒற்றை ஃபில்டர் வோல்டேஜைப் பெருக்கவே முடியாது. பூஜ்யத்துக்கு மேலே புள்ளி விழுந்தால் இன்புட்டை அளக்கவில்லை என்று அர்த்தம். ஸ்கோப்பின் முதல் சேனலை ஃபில்டரின் இன்புட் முனையில், இரண்டாவதை அவுட்புட்டில் மாட்டுங்கள். இரண்டு புரோபும் 10 மடங்கு நிலையில் இருக்கட்டும், ஸ்கோப் மெனுவிலும் அப்படியே. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் இரண்டையும் படித்து வகுத்தால் வருவதுதான் கெயின்.

அதிர்வெண்களை 100, 200, 500, பிறகு 1000, 2000, 5000 என்று 1-2-5 வரிசையில் எடுத்தால் லாக் தாளில் புள்ளிகள் ஏறக்குறைய சம இடைவெளியில் விழும். கட்-ஆஃப் பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று புள்ளிகள் கூடுதலாக எடுங்கள். இன்புட் 2 வோல்ட் பீக்-டு-பீக் என்றால், 100 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட முழு 2 வோல்டும் வரும். 1000-இல் 1.69 வோல்ட், 1600-இல் 1.41, 5000-இல் 0.61, 20 கிலோ ஹெர்ட்ஸில் 0.16 வோல்ட். கெயினின் லாகை 20-ஆல் பெருக்கினால் இவை முறையே 0, மைனஸ் 1.4, மைனஸ் 3, மைனஸ் 10.4, மைனஸ் 22 டெசிபெல். வலது பக்கம் அதிர்வெண் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபெல் இறங்க வேண்டும். பத்து மடங்காகும்போது 20. அந்தச் சரிவு வரவில்லையென்றால் மற்றதைப் பார்ப்பதற்கு முன் சர்க்யூட்டைப் பாருங்கள்.

செமி-லாக் தாளில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. 1000-க்கும் 10,000-க்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பார்த்தால் வரும் நடுப்புள்ளி 5500 அல்ல, சுமார் 3160. கோடுகளுக்கு இடையே கண்ணளவில் படிப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

இனி மடங்குகளுக்கு வருவோம். கணக்கு விடை 10,000 என்று வந்து கிராஃப் 1592 என்று சொன்னால், வித்தியாசம் 6.28 மடங்கு: 2π விட்டுப்போயிருக்கிறது. வந்தது செகண்டுக்கு எத்தனை ரேடியன் என்ற கணக்கில், ஹெர்ட்ஸில் அல்ல. கிராஃபில் படித்தது 2760 பக்கம் இருந்தால், அதாவது 1.73 மடங்கு, வோல்டேஜ் பாதியாகும் இடத்தைத் தேடியிருக்கிறீர்கள். கட்-ஆஃபில் பாதியாவது பவர்தான், வோல்டேஜ் அங்கே 0.707 பங்கு இருக்கும். வோல்டேஜ் பாதியாவது மைனஸ் 6 டெசிபெல்லில்.

மூன்றாவது தவறு தான் மோசமானது, ஏனென்றால் அதைச் செய்பவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்ததாகவே தோன்றும். ஃபில்டரின் அவுட்புட்டில் அடுத்த கட்டத்தை மாட்டிவிட்டு அளக்கிறோம். அதன் இன்புட் ரெசிஸ்டன்ஸ் 33 கிலோ ஓம் என்று வையுங்கள். கெபாசிட்டர் எதுவும் செய்யாத தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே 10 கிலோவும் 33 கிலோவும் வோல்டேஜைப் பங்கு போட்டுவிடும். கெயின் 0.767, அதாவது மைனஸ் 2.3 டெசிபெல். கிராஃபின் தட்டையான பகுதி பூஜ்யத்தில் அல்ல, அங்கேதான் ஓடும். இப்போது பழக்கதோஷத்தில் தாளின் மைனஸ் 3 கோட்டில் ஸ்கேலை வைத்தால் அது வளைவை சுமார் 875 ஹெர்ட்ஸில் வெட்டும். "கட்-ஆஃப் பாதியாகிவிட்டது" என்று முடிவு கட்டி, கெபாசிட்டரைக் குறைத்துப் போடுவார்கள்.

நடந்தது நேர் எதிர். கெபாசிட்டரின் பார்வையில் 10 கிலோவும் 33 கிலோவும் இணையாக நிற்கின்றன: 7.67 கிலோ ஓம். ரெசிஸ்டன்ஸ் குறைந்தால் கட்-ஆஃப் ஏறும். உண்மையில் அது 2074 ஹெர்ட்ஸுக்குப் போயிருக்கிறது. மூன்று டெசிபெல்லைத் தட்டையான பகுதியிலிருந்து எண்ணி, மைனஸ் 5.3 கோட்டில் ஸ்கேலை வைத்தால் அதே கிராஃப் 2074 என்று சரியாகக் காட்டும். சுமையும் 10 கிலோவே என்றால் தட்டையான பகுதி மைனஸ் 6-லேயே தொடங்கும். மைனஸ் 3 கோடு வளைவைத் தொடவே தொடாது, கட்-ஆஃபும் இரண்டு மடங்காகி 3183-இல் இருக்கும்.

சுமையைத் தவிர்க்க முடியாதென்றால் ரெசிஸ்டரை அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சிறியதாக்குங்கள். 1 கிலோ ஓமும் 100 நானோ ஃபாரடும் போட்டால் பெருக்கல் அதேதான். 33 கிலோ சுமையில் இழப்பு கால் டெசிபெல், கட்-ஆஃப் 1640. இல்லையென்றால் நடுவே ஒரு ஆப்-ஆம்ப் பஃபர்.

கிராஃபைச் சந்தேகப்படுகிறவர்களுக்குக் கெயினே தேவைப்படாத ஒரு சரிபார்ப்பு உண்டு. கட்-ஆஃபில் அவுட்புட் அலை இன்புட்டைவிட 45 டிகிரி, அதாவது ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு பின்தங்கி வரும். 1592 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 628 மைக்ரோ செகண்ட். எட்டில் ஒரு பங்கு 78 மைக்ரோ செகண்டுக்குக் கொஞ்சம் மேல். ஸ்கோப் கர்சரை இரண்டு அலைகளும் பூஜ்யத்தைக் கடக்கும் இடங்களில் வைத்து, இந்த விகிதம் வரும்வரை ஜெனரேட்டரைத் திருப்புங்கள். தட்டையான பகுதி எங்கே இருந்தாலும் இந்த முறைக்குக் கவலையில்லை. சுமை மாட்டிய சர்க்யூட்டிலும் நேராக 2074-க்கே கொண்டுபோகும்.

அதே இரண்டு பார்ட்ஸை இடம் மாற்றினால் ஹை பாஸ்: கெபாசிட்டர் வழியில், ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. கட்-ஆஃப் அதே 1592. தட்டையான பகுதி இப்போது வலது பக்கம், மூன்று டெசிபெல்லையும் அங்கிருந்துதான் எண்ண வேண்டும். அலை பின்தங்காது, 45 டிகிரி முந்தும். இடது பக்கம் 50 ஹெர்ட்ஸில் மைனஸ் 30 டெசிபெல். ஒரு வோல்ட் மெயின்ஸ் ஹம் 31 மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடும்.

ஸ்கோப்பின் ஏசி கப்ளிங் என்பதே உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு ஹை பாஸ்தான். நேராக மாட்டினால் அதன் கட்-ஆஃப் பொதுவாக 10 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். இன்புட் சேனல் டிசியிலும் அவுட்புட் சேனல் ஏசியிலும் இருந்தால், லோ பாஸ் கிராஃபின் இடது முனை காரணமில்லாமல் கீழே தொங்கும், பேண்ட் பாஸ் மாதிரி. தாழ்ந்த அதிர்வெண் அளக்கும்போது இரண்டையும் டிசியில் வையுங்கள்.

இந்த ஹை பாஸ் கணக்கு லேபைவிட ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் மேசையில்தான் அதிகம் காசு மிச்சப்படுத்தும். "பேஸ் வரவில்லை, ஸ்பீக்கர் போய்விட்டது" என்று வரும் செட்டில் இன்புட் கப்ளிங் கெபாசிட்டரைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் இன்புட் ரெசிஸ்டன்ஸ் 10 கிலோ ஓம், கெபாசிட்டர் 1 மைக்ரோ ஃபாரட் என்றால் கட்-ஆஃப் 16 ஹெர்ட்ஸ். பேஸுக்குக் குறையே இல்லை. முன்பு கழற்றியவர் 105 இருந்த இடத்தில் கைக்குக் கிடைத்த 104-ஐப் போட்டிருந்தால் மதிப்பு பத்தில் ஒரு பங்கு, கட்-ஆஃப் 159 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல்லுக்கு மேல் போய்விடும், குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கரை மாற்றினாலும் பேஸ் வராது. பழையது எலக்ட்ரோலிட்டிக் என்றால் காய்ந்துபோய் மதிப்பு குறைந்திருக்கலாம், அறிகுறி இதேதான். சந்தேகம் இருந்தால் அந்தக் கெபாசிட்டரின் குறுக்கே இன்னொரு 1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரைத் தற்காலிகமாக இணைத்துப் பாருங்கள். செட்டை அணைத்துவிட்டு இணைத்து, வால்யூமைக் குறைத்து வைத்து ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும். பேஸ் திரும்பினால் பழையதைக் கழற்றி ஃபிலிமையே நிரந்தரமாகப் போடலாம். எந்த முனை பாசிட்டிவ் என்ற கேள்வியும் எழாது.