பதில் தராதவருக்குக் கடைசியாக ஒரு மின்னஞ்சல்

விலைப்புள்ளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு அனுப்பிய நான்கு நினைவூட்டல்களுக்கும் வாய் திறக்காத ஒருவர், "இதோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று நாம் எழுதியதும் அன்று மாலையே பதில் அனுப்புவது ஏன் என்று விற்பனைப் பணியில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மௌனம் பெரும்பாலும் மறுப்பு அல்ல. மறுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காலம் கடந்துவிட்டால் தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்க வேண்டும். ஒவ்வொரு நினைவூட்டலும் அந்தக் கடனைக் கூட்டுவதால், பதில் எழுதுவது நாளுக்கு நாள் கடினமாகிறது. போதாக்குறைக்கு, தன் முடிவைப் பிறர் நெருக்குகிறார் என்று உணரும் மனம் எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ளும். உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-இல் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார்.

அந்த முறுக்கு எவ்வளவு எளிதாகத் தளரும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரான்ஸில் நிக்கோலா கெகன், அலெக்சாந்த்ர் பஸ்குவால் ஆகியோர் முன்பின் தெரியாதவர்களிடம் பேருந்துக்குச் சில்லறை கேட்கச் செய்து, 2000-இல் முடிவை வெளியிட்டனர். வெறுமனே கேட்டபோது கொடுத்தவர்கள் 10 சதவீதம். "கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்" என்று சேர்த்துக் கேட்டபோது 47.5 சதவீதம். மறுக்கும் உரிமை கையில் இருக்கிறது என்று தெரிந்தபின், அதைக் காட்டுவதற்காகவே மறுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆனால் இத்தகைய 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கிறிஸ்டோபர் கார்பென்டர், முடிவை உடனே எடுக்காமல் தள்ளிப்போட முடிகிற இடங்களில் இந்த விளைவு குறைகிறது என்று 2013-இல் காட்டினார். மின்னஞ்சல் அப்படித் தள்ளிப்போடக்கூடியது என்பதால், பதிலை ஒரே வரியில் முடிக்கும்படி கடிதத்தை அமைப்பது முக்கியமாகிறது.

ஊதியக் கணக்கு மென்பொருள் விற்பவர் ஒரு நூற்பாலை மேலாளருக்கு, பழைய மின்னஞ்சலுக்கான பதிலாகவே, இப்படி எழுதலாம்:

"வணக்கம். மார்ச் மாதம் விலைப்புள்ளி அனுப்பியிருந்தேன். இந்த ஆண்டு இது உங்களுக்குத் தேவைப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு, இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் நினைத்தது தவறென்றால் ஒரு வரி போதும்; சரியென்றால் பதில் தேவையில்லை."

இதில் "எத்தனை முறை எழுதினேன்" என்ற குத்தலோ, பொய்க் கெடுவோ, "கடைசிச் சலுகை"யோ இல்லை. மறுப்பவருக்கு வேலையே இல்லை. விருப்பமுள்ளவருக்கோ பிறர் ஊகத்தைத் திருத்தும் சிறு வேலை மட்டுமே இருக்கிறது.

அனுப்பியதும், நினைவூட்டல்களைத் தானாக அனுப்பும் தொடரிலிருந்து அவர் பெயரை உடனே நீக்க வேண்டும். விடைபெற்ற பத்தாம் நாள் ஐந்தாவது நினைவூட்டல் போனால் முந்தைய கடிதம் பொய்யாகிவிடும். அவர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தவும் கூடும். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோர் மீதான ஸ்பேம் புகார்கள் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்று ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் வலியுறுத்துகிறது. ஆயிரம் கடிதங்களுக்கு மூன்று புகார்களே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

வரும் பதில்களில் பல "இப்போது வேண்டாம்" என்பதாகவே இருக்கும். எனவே பதில்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழாமல், அவற்றில் எத்தனை மறுபடியும் பேச்சைத் தொடங்கின என்று தனியே குறித்துவர வேண்டும். மறுத்தவருக்கு ஒரு வரி நன்றி போதும். அதன் பின்னால் "ஆனால்" என்று தொடங்கும் இன்னொரு வாக்கியம் கூடாது.